ஹிபா பத்திரம் பதிவானால் போதுமா?

கேள்வி: எங்கள் அத்தா 2018-ல் தன் வீட்டை எனக்கு ஹிபாவாக எழுதிப் பதிவும் செய்து தந்தார். கீழ்த்தளத்தில் நானும் அவரும் குடியிருந்தோம். மாடியில் வாடகைக்காரர். அந்த வாடகையைக் கடைசிவரை அத்தாதான் வாங்கினார். சென்ற ஆண்டு அவர் மவுத்தாகிவிட்டார். அம்மா முன்பே இறந்துவிட்டார். சுவாதீனம் உனக்கு வரவில்லை, ஹிபா செல்லாது என்று சொல்லி அண்ணன்கள் இருவரும் பங்கு கேட்கிறார்கள். வீடு எனக்கு நிற்குமா?
- ஒரு வாசகி, மேலப்பாளையம்

பதில்: கீழ்த்தளம் பற்றி அதிகம் பயப்பட வேண்டாம். சிக்கல் மாடி வாடகையில்தான் இருக்கிறது.

ஹிபாவுக்கு மூன்று தேவை: கொடுப்பவர் 'கொடுத்தேன்' என்று தெளிவாக அறிவிப்பது, வாங்குபவர் ஏற்பது, சுவாதீனம் மாறுவது. மூன்றும் இருந்தால் வாய்மொழி ஹிபாவும் பதியாத பத்திரமும் செல்லும் என்று 2011-ல் ஹபீஸா பீபி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் சுவாதீனம் மாறாவிட்டால் பதிவு மட்டும் காப்பாற்றாது. இதைப் பலர் கவனிப்பதே இல்லை.

ஒரே வீட்டில் சேர்ந்து வாழும்போது, கொடுத்தவர் மூட்டை கட்டி வெளியேற வேண்டும் என்று சட்டம் கேட்பதில்லை. தன் அதிகாரத்தை விட்டுக்கொடுத்ததை ஏதாவது ஒரு வெளிப்படையான செயலில் காட்டியிருந்தால் போதும். மூலப் பத்திரங்களை உங்களிடம் தந்தது, வீட்டு வரியையும் மின் இணைப்பையும் உங்கள் பெயருக்கு மாற்றியது போன்றவை அப்படிப்பட்ட செயல்கள். 'இன்றே சுவாதீனம் ஒப்படைத்தேன்' என்ற வரி பத்திரத்தில் இருந்தால் அது உங்களுக்கு நல்ல சாட்சி. ஆனாலும் அண்ணன்கள் அதை மறுத்து நிரூபிக்க இடமுண்டு.

வாடகைக்கு விடப்பட்ட பகுதியில் சாவியை மாற்றிக் கொடுக்க முடியாது. 'இனி வாடகையை என் மகளிடம் கொடுங்கள்' என்று அத்தா வாடகைக்காரரிடம் சொல்லியிருந்தால் அதுதான் சுவாதீனம். பத்திரத்துக்குப் பிறகு வாடகை ஒப்பந்தம் யார் பெயரில் போடப்பட்டது, ரசீதில் யார் கையெழுத்து, அத்தா வாங்கிய பணம் உங்கள் கணக்குக்கு வந்ததா என்று பாருங்கள். அவர் உங்களுக்காக வசூலித்தார் என்று காட்ட முடிந்தால் பாதகமில்லை. உரிமையாளராகவே வாங்கித் தன் செலவுக்கு வைத்துக்கொண்டார் என்றால் அண்ணன்கள் கை ஓங்கும். வாடகைக்காரர் வீடு காலி செய்வதற்குள் அவருக்குத் தெரிந்ததை எழுதி வாங்கி வையுங்கள். வழக்கு வந்தால், சுவாதீனம் மாறியதை நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. (2018-ல் நீங்கள் மைனராக இருந்திருந்தால் இந்தத் தலைவலியே இல்லை. தந்தையே கார்டியன் என்பதால் மனப்பூர்வமாகக் கொடுத்தார் என்பது தெரிந்தால் போதும்.)

பத்திரத்தில் 'என் காலத்துக்குப் பின் மகள் அடைய வேண்டியது' என்று இருக்கிறதா என்றும் படித்துப் பாருங்கள். இருந்தால் அதை ஹிபா என்று சொல்வது கடினம். உயிலாகப் பார்ப்பார்கள், வாரிசுக்கு எழுதிய உயிலுக்கு மற்ற வாரிசுகள் சம்மதம் வேண்டும். ஹிபா விழுந்து, வேறு வாரிசும் இல்லையென்றால் வீடு ஐந்து பங்காகும்: அண்ணன்களுக்கு இரண்டிரண்டு, உங்களுக்கு ஒன்று. கையில் உள்ள ஆவணங்களை ஒரு வழக்கறிஞரிடம் காட்டும்வரை அண்ணன்கள் நீட்டும் எந்தப் பாகப்பிரிவினைத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.