கார்டு, கேரண்டி, கேஜ்: ஒலிக்காத ‘யூ’ எங்கிருந்து வந்தது?

எட்டாம் வகுப்பில் சொல்வதெழுதுதல் வைத்திருந்தேன். காவலரைக் குறிக்கும் ‘கார்டு’, உத்தரவாதத்தைக் குறிக்கும் ‘கேரண்டி’, மழைமானியிலும் ரயில் பாதையிலும் வரும் ‘கேஜ்’ ஆகிய மூன்று சொற்களும் அன்றைய பட்டியலில் இருந்தன. விடைத்தாள்களைத் திருத்தும்போது மூன்று சொற்களிலும் ‘யூ’ எழுத்து ஒவ்வொரு தாளிலும் ஒவ்வோர் இடத்தில் இருந்தது. சிலர் அதை எழுதவே இல்லை. சிலர் ‘கார்டு’ சொல்லை ஜி-ஏ-யூ-ஆர்-டி என்று எழுதியிருந்தார்கள். நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் பலர் ‘கேஜ்’ சொல்லை ஜி-யூ-ஏ-ஜி-இ என்று எழுதியிருந்தார்கள்.

மறுநாள் வகுப்பில், பல ஆண்டுகளாகச் சொல்லி வந்த விளக்கத்தையே சொன்னேன். “ஜி எழுத்துக்கு இரண்டு ஒலி உண்டு. ‘தங்கம்’ என்னும்போது வரும் ககர ஒலி ஒன்று, ‘ஜன்னல்’ என்னும்போது வரும் ஜகர ஒலி மற்றொன்று. ககர ஒலி மாறாமல் இருக்க ‘யூ’ காவல் நிற்கிறது” என்றேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். “அப்போ ‘கார்டன்’ல ஏன் சார் யூ இல்ல? அங்கயும் ககர ஒலிதானே?” என்றாள்.

அவள் கேட்டது சரி. தோட்டத்தைக் குறிக்கும் அந்தச் சொல் ஜி-ஏ-ஆர் என்றுதான் தொடங்குகிறது. ‘கேஸ்’, ‘கேம்’, ‘கேட்’ எல்லாமே அப்படித்தான். ‘நாளைக்குச் சொல்கிறேன்’ என்று சொல்லிவிட்டு வந்தேன். அகராதியில் சொற்பிறப்புக் குறிப்புகளைப் பார்த்த பிறகுதான், நான் சொன்ன விதி பாதிச் சொற்களுக்கு மட்டுமே பொருந்தும் என்பது தெரிந்தது.

பொருந்தும் பாதியை முதலில் பார்ப்போம். ஜி எழுத்துக்குப் பின் இ, ஐ, ஒய் வந்தால், பிரெஞ்சு வழியாகவும் லத்தீன் வழியாகவும் வந்த சொற்களில் அது பெரும்பாலும் ஜகரமாக ஒலிக்கும். ‘ஜெம்’, ‘ஜெயன்ட்’, ‘ஜிம்’ ஆகியவை எடுத்துக்காட்டுகள். அந்த இடத்தில் ககர ஒலி வேண்டுமானால் நடுவில் ஒரு ‘யூ’ வைப்பது பிரெஞ்சு எழுத்து முறை. ‘கைடு’, ‘கிட்டார்’, ‘லீக்’, ‘வேக்’ ஆகிய சொற்களில் உள்ள யூ இந்த வேலையைத்தான் செய்கிறது. அதை எடுத்துவிட்டால் ‘கைடு’ என்பதை ‘ஜைடு’ என்று படிக்க நேரும். நார்மன் வெற்றிக்குப் பிறகு இந்த எழுத்து முறை இங்கிலாந்திலும் பரவியதால், பிரெஞ்சுக்குத் தொடர்பே இல்லாத பழைய ஆங்கிலச் சொற்களும் இந்த யூவைப் பெற்றன. விருந்தாளியைக் குறிக்கும் ‘கெஸ்ட்’, குற்ற உணர்வைக் குறிக்கும் ‘கில்ட்’, நாக்கைக் குறிக்கும் ‘டங்’ ஆகியவை அப்படிப்பட்டவை. ‘கெட்’, ‘கிவ்’, ‘கேர்ள்’ போன்ற அன்றாடச் சொற்களை மட்டும் இந்த மாற்றம் தொடவில்லை. ஆகவே இந்தப் பாதியிலும் விதிவிலக்குகள் உண்டு என்று மாணவர்களிடம் சொல்லிவிடுவது நல்லது.

ஜி எழுத்துக்குப் பின் ஏ வந்தால் காவலே தேவையில்லை. அது தானாகவே ககரமாகத்தான் ஒலிக்கும். ஆகவே ‘கார்டு’, ‘கேரண்டி’ இரண்டிலும் உள்ள யூ இன்று எந்த வேலையும் செய்யவில்லை. பிரெஞ்சுக்காரர்களே இதே சொற்களை இப்போது யூ இல்லாமல்தான் எழுதுகிறார்கள். ‘கைடு’, போரைக் குறிக்கும் ‘கேர்’ ஆகியவற்றில் மட்டும் அதை விடாமல் வைத்திருக்கிறார்கள், ஏனென்றால் அங்கே அது தேவை. ஆங்கிலம் தேவையில்லாத இடத்திலும் அதை வைத்துக்கொண்டது.

அப்படியானால் அது முதலில் ஏன் வந்தது? ஒரு காலத்தில் அது ஒலித்தது என்பதுதான் விடை. ஃபிராங்குகள் என்னும் ஜெர்மானிய இனத்தார் இன்றைய பிரான்ஸ் பகுதியில் குடியேறியபோது, ‘காத்தல்’ என்னும் பொருளில் ‘வார்டு’ என்பதை ஒத்த ஒரு சொல் அவர்களுடன் வந்தது. அதன் முதல் ஒலி, உதட்டைக் குவித்துச் சொல்லும் டபிள்யூ ஒலி. அங்கே லத்தீன் வழி மொழியைப் பேசிய மக்களுக்குச் சொல்லின் தொடக்கத்தில் அந்த ஒலி பழக்கமில்லை. அதற்கு முன்னால் ஒரு ககரத்தைச் சேர்த்து ‘க்வார்’ என்று சொன்னார்கள். அதை ஜி-யூ என்று எழுதினார்கள். காலப்போக்கில் பாரிஸ் வட்டாரப் பேச்சில் ‘க்வ’ என்பது வெறும் ‘க’ ஆனது. ஒலி போன பிறகும் எழுத்து நின்றது. ஸ்பானிய மொழியிலும் இத்தாலிய மொழியிலும் இந்தச் சொல்லின் உறவினர்களை இன்றும் யூ ஒலிக்கத்தான் சொல்கிறார்கள்.

இதில் இன்னொரு திருப்பம் உண்டு. பிரான்ஸின் வடக்குப் பகுதிகளில், நார்மண்டி உட்பட, அந்தப் பழைய டபிள்யூ ஒலியை மக்கள் மாற்றாமல் வைத்திருந்தார்கள். 1066இல் இங்கிலாந்தை வென்றவர்கள் நார்மன்கள். எனவே முதலில் இங்கிலாந்துக்குப் போனவை டபிள்யூ உள்ள சொற்கள். பிற்காலத்தில் பாரிஸ் பிரெஞ்சின் செல்வாக்கு ஓங்கியபோது, அதே சொற்கள் ஜி எழுத்தோடு மீண்டும் வந்தன. இப்படி ஒரே வேர் இரண்டு முறை உள்ளே வந்ததால் ஆங்கிலத்தில் இரட்டைச் சொற்கள் உருவாயின.

இந்த இரட்டைச் சொற்கள் நம் மாணவர்களுக்குப் புதியவை அல்ல. மிக்சி வாங்கினால் கடைக்காரர் ‘வாரண்டி’ என்பார், ‘கேரண்டி’ என்றும் சொல்வார். இன்று கடையில் இரண்டுக்கும் வேறு வேறு பொருள் சொல்வார்கள், ஆனால் வேர் ஒன்றுதான். விடுதியில் இருப்பவர் ‘வார்டன்’, பெற்றோர் இல்லாத இடத்தில் கையெழுத்துப் போடுபவர் ‘கார்டியன்’. ‘ரிவார்டு’ என்பதும் ‘ரிகார்டு’ என்பதும்கூட இப்படி ஒரு சோடிதான். போரைக் குறிக்கும் ‘வார்’ சொல்லும், ஸ்பானிய வழியில் வந்த ‘கெரில்லா’ சொல்லும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. ‘வார்டு’ மட்டும் நார்மன்களுக்கு முன்பே பழைய ஆங்கிலத்தில் இருந்த சொல், ஆனால் அதுவும் இதே குடும்பம்தான். (தமிழில் எழுதும்போது காவலர் கார்டும் சீட்டுக் கார்டும் ஒன்றாகிவிடுகின்றன. வகுப்பில் கரும்பலகையில் ஆங்கிலத்தில் எழுதிக் காட்டாமல் இதை நடத்த முடியாது.)

மறுநாள் கரும்பலகையை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் டபிள்யூ சொற்களையும் மறுபக்கம் ஜி சொற்களையும் எழுதினேன். “டபிள்யூவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஜி-யூ போடுங்கள்” என்றேன். ‘வார்டு’ சொல்லில் டபிள்யூவுக்குப் பின் ஏ-ஆர்-டி இருக்கிறது. அதை மாற்றினால் ஜி-யூ-ஏ-ஆர்-டி தானாக வந்துவிடுகிறது. யூ எங்கே நிற்க வேண்டும் என்ற குழப்பத்துக்கு அங்கே இடமில்லை. பழைய டபிள்யூவின் இடம்தான் யூவின் இடம், ஜி எழுத்தை ஒட்டி, ஏ எழுத்துக்கு முன்னால். ‘வாரண்டி’யின் தொடக்கமும் ‘கேரண்டி’யின் தொடக்கமும் இதே முறையில் பொருந்தும். ஆனால் ‘வாரண்டி’யில் ஆர் இரண்டு, ‘கேரண்டி’யில் ஒன்று. முடிவில் ஒன்றுக்கு ஒய், மற்றொன்றுக்கு இ-இ. இந்த வேறுபாட்டைத் தனியாகச் சொல்லாவிட்டால் புதுப் பிழை முளைக்கும்.

இன்னொரு பிழையும் முளைத்தது. அடுத்த வாரம் சிலர் ‘ரிகார்டு’ சொல்லில் யூவைச் சேர்த்துவிட்டார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. வேர் ஒன்றாக இருந்தும் அந்தச் சொல்லுக்கு யூ வரவில்லை. யூ உள்ள வடிவம், இல்லாத வடிவம் இரண்டும் ஒரு காலத்தில் வழங்கின. ‘கார்டு’ ஒன்றைப் பிடித்துக்கொண்டது, ‘ரிகார்டு’ மற்றதைப் பிடித்துக்கொண்டது. இதற்கு மேல் காரணம் தேடிப் பயனில்லை. அன்றாடச் சொற்களில், ஏ எழுத்துக்கு முன் ஒலிக்காத யூ வருவது ‘கார்டு’ குடும்பத்திலும் ‘கேரண்டி’ குடும்பத்திலும்தான். கொய்யாவைக் குறிக்கும் ‘குவாவா’, மொழியைக் குறிக்கும் ‘லாங்குவேஜ்’ ஆகியவற்றில் யூ நன்றாகவே ஒலிக்கிறது.

இனி ‘கேஜ்’. இந்தச் சொல்லை மற்ற இரண்டோடு ஒரே நாளில் கற்பித்ததுதான் நான் செய்த பெரிய தவறு. ‘கேஜ்’ சொல்லில் யூ ஜி எழுத்துக்குப் பின் வருவதே இல்லை. ஜி-ஏ-யூ-ஜி-இ என்பதே சரியான எழுத்து. யூ நிற்பது ஏ எழுத்துக்குப் பின்னால். ஃபிராங்குகளின் டபிள்யூவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. மதுப் பீப்பாயின் கொள்ளளவை அளப்பதைக் குறித்த ஒரு வட பிரெஞ்சுச் சொல்லிலிருந்து இது வந்தது. ஏ-யூ என்னும் கூட்டு அந்தச் சொல்லிலேயே இருந்தது. இன்றைய பிரெஞ்சில் முதல் எழுத்து ஜே ஆகிவிட்டது, ஏ-யூ கூட்டு மட்டும் அப்படியே இருக்கிறது.

இந்த உண்மை தெரிந்த பிறகு விடைத்தாள்களின் பிழைகளுக்குக் காரணம் புரிந்தது. ஏ-யூ என்ற கூட்டைப் பிள்ளைகள் ‘ஆகஸ்ட்’, ‘ஆட்டோ’, ‘பிகாஸ்’ என்று நிறையப் பார்த்திருக்கிறார்கள். யூ-ஏ அவர்களுக்கு அரிது. அதனால் ‘கார்டு’ சொல்லில் கை தானாக ஏ-யூ என்று எழுதுகிறது. ‘கேஜ்’ சொல்லிலோ ஏ-யூ கூட்டு ஏகார ஒலி தருகிறது. அது வேறு எங்கும் அவர்கள் பார்க்காத ஒலி, ஆகவே கண்ணும் காதும் ஒத்துப்போவதில்லை. போதாக்குறைக்கு ‘லாங்குவேஜ்’ சொல்லின் கடைசி ஐந்து எழுத்துகள் ஜி-யூ-ஏ-ஜி-இ. நன்றாகப் படிக்கும் பிள்ளைகள்தான் அந்தச் சொல்லைப் பலமுறை எழுதிப் பழகியவர்கள். அவர்களே ‘கேஜ்’ சொல்லில் தவறியதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஆகவே ஒரு தாளில் யூ இல்லாமல் ‘கார்டு’ இருந்தால், அந்த மாணவர் காதால் எழுதுகிறார், அவருக்கு டபிள்யூ சோடியைக் காட்டலாம். ஏ-யூ என்று மாற்றி எழுதியிருந்தால் யூ உண்டு என்பது அவருக்குத் தெரியும், இடம்தான் தெரியவில்லை. ‘கேஜ்’ சொல்லில் யூ முன்னால் வந்திருந்தால் அவர் ‘கார்டு’ பாடத்தை அளவுக்கு மீறிப் பின்பற்றியிருக்கிறார். மூன்று பேருக்கும் ஒரே சிவப்பு வட்டம் போட்டு, ‘பத்து முறை எழுது’ என்று எழுதி வந்தவன் நான்.

இப்போது ‘கார்டு’ குடும்பத்தை நடத்தி இரண்டு வாரம் ஆன பிறகே ‘கேஜ்’ பக்கம் போகிறேன். அறிவியல் ஆசிரியர் மழைமானி நடத்தும் வாரத்தோடு சேர்த்துக்கொள்வது வசதி. 1676 மில்லிமீட்டர் அகலமுள்ள பிராட் கேஜ், 1000 மில்லிமீட்டர் மீட்டர் கேஜ் என்று ரயில் பாதையையும் வரைகிறேன். இரண்டு தண்டவாளங்களைப் போல இரண்டு ஜி எழுத்துகள், நடுவில் ஏ, யூ. அகர வரிசையில் எது முன்னால் வருமோ அதுவே இங்கும் முன்னால். முதல் ஜி ஏ எழுத்துக்கு முன் நிற்பதால் ககரம், இரண்டாவது இ எழுத்துக்கு முன் நிற்பதால் ஜகரம். பாடத்தின் முதல் பாதியில் சொன்ன விதி இந்த ஒரே சொல்லில் இரண்டு முறையும் சரியாக வேலை செய்கிறது.

போன பருவத்தில் மதிப்பெண் அட்டை கொடுத்த அன்று, கார்டன் கேள்வி கேட்ட அதே மாணவி அட்டையோடு மேசைக்கு வந்தாள். கையெழுத்திடும் இடத்தில் ‘கார்டியன்’ என்று அச்சாகியிருந்தது. மேலே, பெற்றோருக்கு எழுதிய வரியில் ‘வார்டு’ என்று இருந்தது. “சார், காக்கிறவரும் காக்கப்படுற நானும் ஒரே சொல்லா?” என்றாள். ஆமாம் என்றேன்.