183 டிகிரியில் நடந்தால் பாரடைஸ் வருமா?

கேள்வி: நான் சியாட்டிலில் வேலை பார்க்கிறேன். ரெய்னியர் மலையில் முயர் முகாம் வரை நண்பர்களோடு ஏறப்போகிறோம். மூடுபனி பிடித்துக்கொண்டால் இறங்கும் வழி தெரியாது என்று எச்சரிக்கிறார்கள். முகாம், கீழேயுள்ள பாரடைஸ் இரண்டின் அட்சரேகை, தீர்க்கரேகையை வைத்து, திசைக்கோணம் 183 டிகிரி என்று கணக்கிட்டிருக்கிறேன். திசைகாட்டியில் இதை வைத்து நடந்தால் போதுமா? கொடைக்கானல் பக்கம் இப்படித்தான் நடந்திருக்கிறோம்.

பதில்: போதாது. அந்த மலையில் இது ஆபத்தும்கூட.

முதலில் உங்கள் கணக்கைப் பார்த்துவிடுவோம். முகாம் ஏறத்தாழ வடக்கு 46.836, மேற்கு 121.732. பாரடைஸ் 46.786, 121.736. தெற்கே 0.050 டிகிரி, மேற்கே 0.004 டிகிரி. அந்த அட்சரேகையில் தீர்க்கரேகை இடைவெளி சுருங்கிவிடுவதால் 0.004-ஐ 0.684-ஆல் பெருக்க வேண்டும். அதையும் செய்தால் 183 டிகிரிதான் வருகிறது. கணக்கு சரி. ஆனால் இது புவியின் சுழல் அச்சு தொடும் துருவத்தை, அதாவது உண்மை வடக்கை, வைத்து அளந்த கோணம். உங்கள் கையிலுள்ள ஊசிக்கு அந்தத் துருவம் தெரியாது. அது நிற்கும் இடத்தில் புவியின் காந்தப்புலம் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் திரும்பும். இரண்டுக்கும் இடையிலுள்ள கோணம்தான் காந்த ஒதுக்கம்.

ஊசி காந்தத் துருவத்தைச் சுட்டுகிறது என்று பள்ளியில் படித்திருப்போம். ரெய்னியரில் அது பொருந்துவதில்லை. வட காந்தத் துருவம் இப்போது சைபீரியப் பக்கமாக நகர்ந்துவிட்டது. ரெய்னியரிலிருந்து பார்த்தால் அது உண்மை வடக்குக்குச் சில டிகிரி மேற்கே இருக்கிறது. ஊசியோ சுமார் 15 டிகிரி கிழக்கே காட்டுகிறது! புவியின் உள்ளே உருகிய இரும்பு சீராகச் சுழல்வதில்லை. அதனால் புலமும் ஊருக்கு ஊர் வளைகிறது. கொடைக்கானலில் ஒதுக்கம் ஒன்றிரண்டு டிகிரிதான் என்பதால் உங்களுக்கு அது உறைக்கவே இல்லை.

ஒதுக்கம் கிழக்கே இருந்தால் உண்மைக் கோணத்திலிருந்து கழிக்க வேண்டும். மேற்கே இருந்தால் கூட்ட வேண்டும். ஆக, நீங்கள் திசைகாட்டியில் வைக்க வேண்டியது 183 − 15 = 168.

கழிக்காமல் 183-ஐயே வைத்து நடந்தால் உண்மையில் 198-இல் போவீர்கள். ஒரு கிலோமீட்டர் நடப்பதற்குள் கோட்டைவிட்டு சுமார் 260 மீட்டர் மேற்கே விலகியிருப்பீர்கள். அந்தப் பக்கம் இருப்பது நிஸ்குவாலி பனியாறு, அதன் பிளவுகளோடு. குறியை மாற்றிக் கூட்டிவிட்டால் இன்னும் மோசம்: 198-ஐ வைத்து 213-இல் நடப்பீர்கள், 30 டிகிரி பிழை.

இன்னொன்று, முகாமிலிருந்து பாரடைஸ் வரை இழுத்த ஒரே நேர்கோடு நடக்கும் வழி ஆகாது. பாறைகளையும் திருப்பங்களையும் வைத்துத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனிக் கோணம் எடுக்க வேண்டும். பூங்கா நிர்வாகம் முயர் பனிவெளிக்கு அப்படியொரு வழிப்படம் தருகிறது. அதிலுள்ள கோணங்கள் உண்மை வடக்குக்கா, காந்த வடக்குக்கா என்று பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

15 என்ற எண்ணையும் நிரந்தரமாக நம்ப வேண்டாம். 1970-களில் அங்கே ஒதுக்கம் 20 டிகிரிக்கு மேல். அந்தக் காலத்து வரைபடத்தின் ஓரத்தில் அச்சிட்டிருப்பதை எடுத்தால் ஐந்தாறு டிகிரி தப்பும். அமெரிக்காவின் நோவா அமைப்பு இணையத்தில் இலவசமாகத் தரும் கணிப்பானில் அட்சரேகை, தீர்க்கரேகை, தேதியைக் கொடுத்தால் இன்றைய மதிப்பு கிடைக்கும். அதற்கு அடிப்படையான உலகக் காந்த மாதிரியை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கிறார்கள்.

கைப்பேசியில் பார்ப்பவர்கள் செய்யும் தவறு வேறு. ஐபோனில் `Use True North` என்ற தெரிவு போட்டிருந்தால் திருத்தம் ஏற்கெனவே நடந்துவிட்டது. நீங்கள் மறுபடி கழித்தால் 15 டிகிரி கிழக்கே போய்விடுவீர்கள். திருத்தத்தை உள்ளேயே பொருத்திக்கொள்ளும் திசைகாட்டிக்கும் இதேதான். சந்தேகம் இருந்தால் முந்தைய இரவு, வண்டிகளை விட்டு விலகி நின்று துருவ நட்சத்திரத்தைப் பாருங்கள். அது உண்மை வடக்கிலிருந்து ஒரு டிகிரிகூட விலகாது. அங்கே வானத்தில் ஏறத்தாழ 47 டிகிரி உயரத்தில் தெரியும். அதை நோக்கி திசைகாட்டியைப் பிடித்தால், திருத்தாத கருவி 345 காட்டும். திருத்திய கருவி 0 காட்டும்.