எட்டு மில்லிமீட்டரில் ஒரு முகம்

உங்கள் கைப்பேசியில் வாட்ஸ்அப்பைத் திறந்து, பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் வட்டப் படத்தின் மேல் ஒரு ஸ்கேலை வைத்துப் பாருங்கள். குறுக்களவு ஏறக்குறைய 8 மில்லிமீட்டர்தான் இருக்கும். ஓர் ஆலோசகரை முதன்முதலில் தேடுகிறவர் அந்த அளவில்தான் அவரைப் பார்க்கிறார்.

எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் சுங்கை சிப்புட் பக்கம் சிறுதோட்டக்காரர்களுக்குப் பால்மர ஆலோசனை சொல்கிறார். அவருடைய லிங்க்ட்இன் பக்கத்துக்குப் படம் தேர்ந்தெடுக்க இருவரும் உட்கார்ந்தோம். அவர் கையில் இருந்தது பால்மரங்களுக்கு நடுவே நிற்கும் முழு உருவப் படம். பெரிய திரையில் அருமையாக இருந்தது. ஆனால் மனிதனின் தலை, உடல் உயரத்தில் ஏழில் ஒரு பங்குதான். 8 மில்லிமீட்டர் வட்டத்துக்குள் முழு உருவம் நின்றால் தலை 1 மில்லிமீட்டர்! அது யார் என்று யாருக்குத் தெரியும்? தலையும் தோளும் மட்டும் வருகிற மாதிரி எடுத்து, முகம் வட்டத்தில் பாதிக்கு மேல் நிறைந்தால் 5 மில்லிமீட்டர் கிடைக்கும். கண்ணும் சிரிப்பும் அப்போதுதான் தெரியும்.

சதுரப் படத்தை வட்டமாக வெட்டும்போது நான்கு மூலைகளிலும் சேர்த்து ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். அதனால் தலைக்கு மேல் கொஞ்சம் இடம் விடுங்கள்.

வெளிச்சமும் முக்கியம். பால்மர நிழலில் எடுத்தால் இலைகளுக்கு இடையே விழும் வெயில் முகத்தில் திட்டுத் திட்டாகத் தெரியும். பச்சை நிறமும் தோலில் ஏறும். நாங்கள் ஈப்போ பழைய நகரத்துக்குப் போய், ஒரு கடையின் அஞ்சடி ஓரத்தில், தெருவைப் பார்த்து அவரை நிற்க வைத்தோம். மேலே கூரை இருப்பதால் உச்சி வெயில் விழாது. தெருவின் வெளிச்சம் முகம் முழுக்கச் சமமாகப் பரவும். செல்ஃபி வேண்டாம். கை நீளத்தில் எடுத்தால் மூக்கு பெரிதாகத் தெரியும். வேறொருவர் ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று எடுக்கட்டும். பின்சுவர் வெளிர் நிறமாக இருந்தால், கறுத்த முடி சுவரோடு கலந்துவிடாது.

அடுத்தது பேனர். லிங்க்ட்இன் கேட்கும் அளவு 1584 × 396 பிக்சல். சாதாரணக் கைப்பேசியின் திரை அகலம் சுமார் 68 மில்லிமீட்டர். அதில் பேனரின் உயரம் 17 மில்லிமீட்டர், அதாவது ஒரு விரல் அகலம். அண்ணன் எழுதி வைத்திருந்தது ஐந்து வரி; ஒவ்வோர் எழுத்தும் 40 பிக்சல் உயரம். கணக்குப் போட்டால் 1.7 மில்லிமீட்டர் வருகிறது. ஆங்கில எழுத்து அந்த அளவில் ஓரளவு தப்பிக்கும். தமிழில் சுழி அடைத்துக்கொள்ளும், புள்ளி காணாமல் போகும். ‘ண’ எது, ‘ன’ எது என்றே தெரியாது. 80 பிக்சலாக்கினால் 3.4 மில்லிமீட்டர், நன்றாகப் படிக்க முடிகிறது. அந்த அளவில் இரண்டு வரிக்கு மேல் வைத்தால் நெருக்கமாகிவிடும். “பால்மர ஆலோசனை” என்று ஒரு வரி, “சுங்கை சிப்புட்” என்று ஒரு வரி. போதும்தானே!

இந்த வரிகளை வலது பக்கம் வையுங்கள். இடது கீழ்ப்பகுதியை முகப்படத்தின் வட்டம் மறைத்துவிடும். பின்னணிக்கு மரக்கூட்டம் வேண்டாம். ஆயிரம் இலைகள் சுருங்கினால் வெறும் கிறுக்கல்தான். ஒரே மரம், அதில் சாய்வாக ஓடும் வெட்டுக்கோடு, கீழே ஒரு மங்கு. இப்படிப் பெரிய உருவமாக இருந்தால் சுருங்கினாலும் என்ன தொழில் என்று சொல்லிவிடும்.

நம்பிக்கைக்காக ரிஸ்டா சின்னத்தையோ மலேசிய ரப்பர் வாரியத்தின் சின்னத்தையோ மூலையில் ஒட்டுகிறவர்கள் உண்டு. சிறிய திரையில் சின்னம் மட்டும் கண்ணில் படும். பக்கத்தில் இருக்கும் விளக்கம் தெரியாது. மறுநடவு உதவிக்காகக் காத்திருக்கும் ஒரு பெரியவர், இவர்தான் அதிகாரி என்று நினைத்து நிலப்பட்டாவின் நகலைக் கொடுத்துவிடலாம். அங்கே வேலை செய்யாதவர் அந்தச் சின்னத்தைப் போடவே கூடாது. பத்து வருஷத்துக்கு முந்தைய படமும் அப்படித்தான். நேரில் வருகிறவரும் படத்தில் இருப்பவரும் வேறு மாதிரி தெரிந்தால், சொல்லும் ஆலோசனையையும் சந்தேகப்படுவார்கள்.

படத்தைப் பதிவேற்றிய பிறகு கணினியில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். விலை குறைந்த கைப்பேசி ஒன்றில், வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்து, கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். பிறகு உங்களைத் தெரியாத ஒருவரிடம் மூன்று விநாடி காட்டி, “இவர் என்ன வேலை செய்கிறார்?” என்று கேளுங்கள். பதில் வரத் தயங்கினால், பேனரிலிருந்து இன்னும் ஒரு பொருளை எடுத்துவிட்டு மறுபடியும் காட்டுங்கள்.