ஆறு நாள் இடைவெளி

கேள்வி: கணவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. நான்கு வருடமாகக் கட்டி வந்த மருத்துவக் காப்பீடு ஜூன் 10-இல் முடிந்தது. 16-ஆம் தேதிதான் பணம் கட்டினோம். பழைய சலுகைகள் தொடருமா?
– வாசகி, கண்டமங்கலம்

பதில்: தொடரும். ஆண்டு பிரீமியத்துக்கு 30 நாள் கருணைக் காலம் உண்டு. அதற்குள் புதுப்பித்தால் கழிந்த காத்திருப்புக் காலமும் சேர்ந்த போனஸும் போகாது. ஆனால் பணம் கட்டாத இடைநாட்களில் ஆன மருத்துவச் செலவை மட்டும் கேட்க முடியாது.

முதலில் புதிய பாலிசி ஷெட்யூலை எடுத்துப் பாருங்கள். முதன்முதலில் பாலிசி தொடங்கிய தேதி என்ற இடத்தில் நான்கு வருடத்துக்கு முந்தைய தேதி இருக்க வேண்டும். இந்த ஜூன் மாதத் தேதி இருந்தால் உங்களைப் புது வாடிக்கையாளராகப் பதிந்துவிட்டார்கள். சர்க்கரைக்கான காத்திருப்பு மறுபடி முதலிலிருந்து ஓடும். ஏஜென்ட் வாய்வார்த்தையாக "பார்த்துக்கலாம்மா" என்பதெல்லாம் க்ளெய்ம் நேரத்தில் நிற்காது.

நிறுவனத்துக்கு இப்படி மின்னஞ்சல் அனுப்புங்கள்: "பாலிசி ஜூன் 10-இல் முடிந்தது, கருணைக் காலத்துக்குள் 16-இல் பிரீமியம் செலுத்தினோம். தொடக்கத் தேதி, காத்திருப்புக் காலம், போனஸ் மூன்றும் தொடர்வதை எழுத்தில் உறுதிசெய்து, திருத்திய ஷெட்யூல் தரவும்." பழைய, புதிய பாலிசி எண்களோடு ரசீதையும் இணையுங்கள்.

மறுத்தால், அல்லது ஒரு மாதமாகியும் பதில் இல்லையென்றால், சென்னை காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் புகார் செய்யலாம். கட்டணம் கிடையாது.