தக்காளி இலையில் ஒரு வாசல்

மாடித்தோட்டம் பற்றி வலைப்பூ தொடங்கி இரண்டு மாதமாகிறது. கூகுளிலிருந்து ஒருவரும் வரவில்லையே! – வாசகி, தேனி

இரண்டு மாதம் நாற்றுப் பருவம்தான் அம்மா. தேடலில் ஆள் வர நாலு மாதம் முதல் ஒரு வருடம்கூடப் பிடிக்கும். 'மாடித்தோட்டம்' என்ற ஒற்றைச் சொல்லில் பழைய தளங்களோடு மோதாதீர்கள். கூகுளில் 'தக்காளி இலை' என்று அடித்து நிறுத்துங்கள். கீழே விரிபவை பெரும்பாலும் மக்கள் நிஜமாகத் தேடுபவை. 'இலை சுருள்வது ஏன்' என்பதுபோல ஒன்றுக்கு முதல் பக்கத்தில் உருப்படியான பதில் இல்லையா? அதையே தலைப்பாக்கி, உங்கள் செடியின் படத்தோடு எழுதுங்கள். பிறகு கூகுளின் சர்ச் கன்சோலில் இம்ப்ரெஷன் எண்ணைப் பாருங்கள். அது ஏறினால் பக்கம் தேடலில் தலைகாட்டுகிறது, பொறுங்கள். பூஜ்யமாகவே கிடந்தால், அங்கேயே பக்கத்தின் முகவரியை ஒட்டிச் சோதியுங்கள். கூகுள் சேர்க்கவில்லை என்று வந்தால் Request Indexing அழுத்துங்கள்.