முழ உயரத் தாத்தாவும் பறக்கும் அகல்விளக்கும்

குறும்படம் எடுக்கக் கிளம்பும் நம்ம பசங்க எல்லோர் வாயிலும் ஒரு வாக்கியம் தயாராக இருக்கும். "அதைக் கிராஃபிக்ஸ்ல பார்த்துக்கலாம்டா!" போன வருஷம் நாங்கள் எடுத்த முதல் படத்தில் இதை நான் எத்தனை தடவை சொன்னேன் என்று எனக்கே தெரியாது. விளைவு? திரையிடல் நாளன்று 5 ஷாட்டுகள் முடியாமல், பின்னால் பச்சைத் துணி அப்பட்டமாகத் தெரிய, ஓடியது எங்கள் மாயாஜாலப் படம். ஹால் முழுக்கச் சிரிப்பு. படத்தை இயக்கிய நண்பன் அன்று ராத்திரி மெஸ்ஸுக்குச் சாப்பிட வரவில்லை. கிராஃபிக்ஸ் பொறுப்பு என்னுடையது. அவன் முகத்தைப் பார்க்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

இந்த வருஷம் அவனே மறுபடி ஒரு கதையோடு வந்தான். பாட்டி இறந்துபோன வீட்டில் தனியாக இருக்கும் ஒரு சிறுமி. அவளுக்குத் துணையாக, ஒரு முழ உயரமே உள்ள ஒரு தாத்தா. படம் 9 நிமிஷம், மாய ஷாட்டுகள் 14. எங்களிடம் இருந்ததோ ஒரு கேமரா, ஒரு ட்ரைபாட், கிராஃபிக்ஸ் செய்யத் தெரிந்த ஆள் ஒன்று (நான்தான்!), கையில் 11 ராத்திரிகள். இந்தத் தடவை படம்பிடிக்கும் முன்பே உட்கார்ந்து, ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரு தாள் போட்டோம். அந்தத் தாளில் நான் கேட்ட கேள்விகள் மூன்றுதான். இந்த ஷாட்டில் கேமரா அசைகிறதா? மாயப் பொருளுக்கு முன்னால் முடி, இலை, விரல் எதாவது குறுக்கே போகிறதா? மாயப் பொருளின் வெளிச்சமோ நிழலோ நிஜ ஆள் மேல் விழுகிறதா? மூன்றுக்கும் 'இல்லை' என்றால் கம்ப்யூட்டரில் செய்வது சுலபம். ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலும், அதைக் கேமரா முன்னாலேயே செய்ய வழி இருக்கிறதா என்று முதலில் தேடினோம்.

முதலில் தாத்தா விஷயம். சிறுமி மேஜை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். மேஜை விளிம்பில் தாத்தா சம்மணம் போட்டு உட்கார்ந்து அவளோடு பேச வேண்டும். இந்த மாதிரி 6 ஷாட்டுகள். பச்சைத் துணி முன்னால் அவரைத் தனியாக எடுத்து ஒட்டினால், ஆறிலும் அவர் நரைமுடியை ஓரம் வெட்டியே என் 11 ராத்திரியும் போயிருக்கும். அதனால் தூரத்தை வைத்து ஏமாற்றும் பழைய வித்தையைப் பிடித்தோம். 2001-ல் வந்த 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' முதல் பாகத்தில் மந்திரவாதியும் குட்டை மனிதனும் ஒரே வண்டியில் வருவார்களே, அதுவும் இதுதான். குட்டை மனிதனாக நடித்தவர் கொஞ்சம் பின்னால் தள்ளி உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான்!

கணக்கு எளிது. ஒரே ஆள் 4 மடங்கு தூரத்தில் இருந்தால் கால்வாசி உயரமாகத் தெரிவார். சிறுமியும் மேஜையின் பின்விளிம்பும் லென்ஸிலிருந்து 5 அடி. தாத்தா 20 அடி. ஐந்தரை அடி ஆள் கிட்டத்தட்ட ஒரு முழமாகிவிட்டார்.

இனி அவர் மேஜை மேல் உட்கார்ந்த மாதிரி தெரிய வேண்டும். எங்கள் மேஜை உயரம் 30 அங்குலம். லென்ஸை 36 அங்குலத்தில் வைத்தோம், அதாவது மேஜைப் பலகைக்கு 6 அங்குலம் மேலே. 5 அடியில் 6 அங்குலம் கீழே இருக்கும் அந்த விளிம்பின் மேல் போகும் பார்வைக்கோடு, 20 அடி போகும்போது அதே 4 மடங்கு, 24 அங்குலம் கீழே இறங்கியிருக்கும். 36-ல் 24 போனால் 12. ஆக, தாத்தா உட்காரும் பலகை தரையிலிருந்து 12 அங்குலம். நாங்கள் 11 அங்குலத்தில் போட்டோம். பலகை மேஜை விளிம்புக்குப் பின்னால் முழுசாக மறைந்துவிடும், தாத்தாவுக்குக் கணுக்காலில் ஒரு அங்குலம்தான் நஷ்டம். அவர் நிழல் மேஜை மேல் விழாது என்பது ஒரு குறை. அதை மறைக்க விளிம்பிலேயே ஒரு வெற்றிலைத் தட்டை வைத்துவிட்டோம். பார்த்தவர்கள் யாரும் அங்கே நிழலைத் தேடவில்லை.

அடுத்தது ஃபோகஸ். இதில்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். 5 அடியும் 20 அடியும் சேர்ந்து தெளிவாக இல்லாவிட்டால், பின்னால் இருப்பவர் பின்னால்தான் இருக்கிறார் என்று கண் உடனே கண்டுபிடித்துவிடும். எங்கள் கேமராவின் சென்சார் ஏ.பி.எஸ்.-சி அளவு. 18 மி.மீ. லென்ஸை f/8-ல் வைத்து, ஃபோகஸை 10 அடியில் பூட்டினால், சுமார் 4 அடியிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை தெளிவு. அதே f/8-ல் 35 மி.மீ. லென்ஸ் போட்டால் இந்த வித்தை நடக்காது. ஒன்று தெளிந்தால் இன்னொன்று மங்கும். ஆனால் f/8-க்கு வெளிச்சம் வேண்டுமே! வீட்டுக்குள் எடுக்க நினைத்த காட்சியைக் கொல்லைப்புறத்துக்கு மாற்றினோம். நல்ல வெயில் நாளில் கட்டட நிழலில், ஷட்டர் 1/50, ஐ.எஸ்.ஓ. 100 வைத்தாலே சரியாக இருந்தது. கதையில் ராத்திரியாக இருந்த காட்சி பகலாக மாறியதில் டைரக்டருக்குக் கொஞ்சம் கோபம்தான்.

பார்வை பற்றி ஒரு விஷயம். நடிக்கும் இருவரும் ஒருவரையொருவர் நிஜமாகப் பார்த்தால் படத்தில் இருவரும் எங்கோ பார்ப்பார்கள். சிறுமிக்கு மேஜை விளிம்பில் ஒரு சுண்ணாம்புப் புள்ளி வைத்தோம். தாத்தாவுக்கு? அவள் முகம் மேஜையிலிருந்து 18 அங்குலம் மேலே, 2 அடி இடப்பக்கம். இதையும் 4-ஆல் பெருக்குங்கள். அவர் பலகையிலிருந்து 6 அடி மேலே, 8 அடி தள்ளி. அந்த இடத்தில் தரையிலிருந்து 7 அடி உயரத்தில், கேமராவுக்குச் சிறுமியின் பின்னால் மறையும்படி ஒரு மூங்கில் கழி நட்டு, உச்சியில் சிவப்புத் துணி கட்டினோம். தாத்தாவாக நடித்தவர் எங்கள் ஹாஸ்டல் வாட்ச்மேன் ஐயா. "தம்பி, கொடிக்கம்பத்துக்கிட்ட போய் பேத்தின்னு எப்படிப்பா கொஞ்சறது?" என்றார். ஆனால் கொஞ்சினார் பாருங்கள், கேமராவுக்குப் பின்னால் நின்ற எங்களுக்கே தொண்டை அடைத்தது.

கேமராவை மட்டும் ஒரு அங்குலம்கூட நகர்த்தக் கூடாது. நகர்த்தினால் மேஜை ஒரு பக்கம், தாத்தா ஒரு பக்கம் போய்விடுவார்.

இரண்டாவது, அகல்விளக்கு அலமாரியிலிருந்து மிதந்து வந்து சிறுமியின் கையில் இறங்க வேண்டும். "விளக்கைக் கம்ப்யூட்டரில் போட்டுவிடு" என்றார்கள். மூன்றாவது கேள்வியைக் கேட்டேன். அவள் முகத்தில் அந்தச் சுடர் வெளிச்சம் நெருங்கி வருவதுதானே காட்சியே! அதை நான் வரைய முடியாது. ஆகவே விளக்கு நிஜம். தங்கூசி நரம்பில் தொங்கவிட்டுப் பார்த்தோம். சுடருக்கு மேலே போகும் நரம்பு உருகி, விளக்கு பொத்தென்று விழுந்தது. நல்லவேளை, எண்ணெய் ஒரு ஸ்பூன்தான் ஊற்றியிருந்தோம், பக்கத்தில் மணல் வாளியும் இருந்தது. பிறகு ஒரு மெல்லிய இரும்புக் கம்பியைப் பளபளப்பில்லாத கறுப்புப் பெயிண்ட் அடித்து, விளக்கின் பின்பக்கம் கட்டி, கறுப்புச் சட்டை போட்ட ஒருவன் பக்கவாட்டிலிருந்து ஏந்தி வந்தான்.

கம்பியை அழிப்பது மட்டும் என் வேலை. அதற்கு ஆளும் விளக்கும் இல்லாமல் அதே இடத்தைக் காலியாக 10 விநாடி எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். கம்பி வரும் இடத்தில் இந்தக் காலிப் படத்தை ஒட்டினால் கம்பி மறையும். இதில் ஒரு பொறி இருக்கிறது. விளக்கு வெளிச்சம் சுவரில் விழுந்தால், விளக்கில்லாத காலிப் படத்தின் சுவர் இருட்டாக இருக்கும். ஒட்டுப்போட்டது பளிச்சென்று தெரியும். அதனால் சுவரைத் தள்ளி வைத்தோம். விளக்கிலிருந்து முகம் 2 அடி, சுவர் 8 அடி. தூரம் 4 மடங்கானால் வெளிச்சம் 16-ல் ஒரு பங்கு. ஃபிசிக்ஸ் லேபில் தூங்காமல் படித்தது ஒருநாள் உதவும் என்று யார் கண்டது! சுவர் ஏறக்குறைய இருட்டு, கம்பியும் கறுப்பு. கம்பி அலமாரியைத் தாண்டும் ஒன்றரை விநாடியை மட்டும் சுத்தம் செய்தேன். ஒரு ராத்திரியில் முடிந்தது.

தாத்தா திடீரென்று மறையும் ஷாட்டுகள் 4. கேமராவை நிறுத்தி, ஆளை நகர்த்தி, மறுபடி ஓட்டும் வித்தைதான். 1957-ன் 'மாயா பஜார்' காலத்துக்கும் முந்தியது இது. இதில் ஒன்றை நானே கெடுத்தேன். எக்ஸ்போஷரை ஆட்டோவில் விட்டுவிட்டேன். வெள்ளை வேட்டிக்காரர் விலகியதும் கேமரா தானாக வெளிச்சத்தைக் கூட்டிவிட்டது. தாத்தா மறையும் விநாடியில் கொல்லை முழுக்க ஒரு மின்னல்! எக்ஸ்போஷர், நிறச் சமன், ஃபோகஸ் மூன்றையும் கையால் பூட்டிவிட்டு மறுநாள் திரும்ப எடுத்தோம். அதுவும் அதே மணிக்கு, மர நிழல் அதே இடத்துக்கு வந்த பிறகு.

முழுக்கக் கம்ப்யூட்டருக்கு விட்டது 2 ஷாட்டுகள். வானத்தில் இரட்டை நிலா. இதைக் கேமரா முன்னால் செய்ய வழியே இல்லை. மூன்று கேள்விக்கும் 'இல்லை' என்று இருக்க வேண்டிய ஷாட். ஆனால் டைரக்டர் பார்த்து வைத்த கோணத்தில் இரண்டாவது நிலாவுக்கு முன்னால் ஒரு தென்னங்கீற்று ஆடிக்கொண்டிருந்தது. நான் தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். 6 விநாடி, விநாடிக்கு 24 படம், மொத்தம் 144 படம். ஒவ்வொன்றிலும் கீற்றின் ஓரத்தைக் கையால் வெட்ட 4 நிமிஷம் என்றாலும் 576 நிமிஷம், ஒன்பதரை மணி நேரத்துக்கு மேல். அதிலும் கீற்று பிசிறு பிசிறாகத்தான் வரும். ட்ரைபாடை 10 அடி இடப்பக்கம் நகர்த்தினால் நிலா வெறும் வானத்தில் வந்துவிடும், வேலை அரை மணி நேரம். "அந்தக் கீற்று அழகுடா" என்றான். "அழகுதான்" என்றேன். கொஞ்ச நேரம் சும்மா நின்றான். பிறகு அவனே ட்ரைபாடைத் தூக்கினான்.

பதிமூன்றாவது தாள் வரைக்கும் சண்டையில்லை. பதினாலாவது, தாத்தா சிறுமியின் உள்ளங்கையில் ஏறி நிற்பது. அவள் கை அசையும், விரல்கள் அவருக்கு முன்னால் வரும், அவர் நிழல் அவள் கையில் விழும். மூன்று கேள்விக்கும் 'ஆமாம்'. தூர வித்தையும் உதவாது. அந்தத் தாளில் பெரிய பெருக்கல் குறி போட்டோம். பதிலுக்கு, சிறுமி உள்ளங்கையை விரித்துக் காத்திருக்கிறாள். குளோசப்பில் அவள் விரல்கள் லேசாகத் தாழ்கின்றன, பாரம் ஏறின மாதிரி. அவள் கண் மட்டும் மேலே உயர்கிறது. தாத்தாவைக் காட்டவே இல்லை. செலவு பூஜ்யம். திரையிடலில் ஹால் முழுக்க அமைதியாக இருந்தது இந்த ஒரு ஷாட்டுக்குத்தான்.