கற்பித்தல் கொள்கை அறிக்கை: ஒரே பக்கத்தில் என்ன எழுதுவது?

தனியார் இடைநிலைப்பள்ளிக்கு ஆசிரியர் வேலை கேட்டு விண்ணப்பம் போடும்போது, சான்றிதழ்களோடு இன்னொரு தாளையும் சில பள்ளிகள் கேட்கும். ஆங்கிலத்தில் ‘டீச்சிங் பிலாசபி ஸ்டேட்மென்ட்’ என்பார்கள். நாம் கற்பித்தல் கொள்கை அறிக்கை என்று வைத்துக்கொள்வோம். பெயரைப் பார்த்து ஏதோ பெரிய தத்துவம் எழுதணும் போலிருக்கு என்று பலர் திணறுகிறார்கள். நான் ஒரு தனியார் பள்ளியில் கணிதப் பிரிவைக் கவனித்துக்கொள்கிறேன். வருகிற விண்ணப்பங்களை வாசிப்பதும் என் வேலைதான். அதனால் இந்தப் பாடத்தை வாசிக்கிறவரின் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

வாசிக்கிறவர் எதைத் தேடுகிறார்?

நீங்கள் என்ன படித்தீர்கள் என்பதைச் சான்றிதழ் சொல்லிவிடும். எப்படிப் பேசுவீர்கள் என்பது நேர்முகத் தேர்வில் தெரிந்துவிடும். இந்தத் தாள் சொல்ல வேண்டியது வேறு. வகுப்பில் ஒரு மாணவனுக்குப் புரியாதபோது இவர் என்ன செய்வார்? அந்தப் பதில் கிடைத்தால் உங்களை அழைத்துப் பேசலாம் என்று எங்களுக்குத் தோன்றும்.

அதற்கு மூன்று விஷயம் வேண்டும். நான் எதை நம்புகிறேன், அதற்காக வகுப்பில் என்ன செய்கிறேன், அது பலித்ததா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறேன். பெரும்பாலான அறிக்கைகளில் முதல் விஷயம் மட்டும்தான் ஒரு பக்கம் முழுக்க இருக்கும்.

ஓர் உதாரணம்

என் உறவுக்காரத் தம்பி ஒருவன் பட்டப்படிப்பு முடித்துவிட்டு, வீட்டிலேயே படிவம் 2 மாணவர்கள் ஆறு பேருக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தான். அவன் எழுதிக் கொண்டுவந்த அறிக்கை இப்படித் தொடங்கியது:

“ஒவ்வொரு மாணவருக்கும் தனித்திறமை உண்டு என்று நான் நம்புகிறேன். கணிதத்தை மகிழ்ச்சியாகக் கற்பிப்பதே என் கொள்கை.”

“தம்பி, இதில் உன் பெயரை எடுத்துட்டு வேற ஒருத்தர் பெயரைப் போட்டா, ஏதாவது மாறுமா?” என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தான். “மாறாதுக்கா.”

“சரி. போன மாசம் உன் பிள்ளைகள் எதில் தடுமாறினாங்க? அதைச் சொல்லு.”

உடனே பேச ஆரம்பித்துவிட்டான். (x + 3)² என்பதை விரித்து எழுதச் சொன்னால், ஆறு பேரில் நான்கு பேர் x² + 9 என்று எழுதினார்களாம். இது கணித ஆசிரியர் எல்லோருக்கும் பழகிய தவறு. அவன் உடனே சரியான விடையைச் சொல்லவில்லை. “x-க்கு 2 போட்டுப் பாருங்க” என்றிருக்கிறான். இடப்பக்கம் 5², அதாவது 25. அவர்கள் எழுதியதில் 4 + 9, அதாவது 13. இரண்டும் ஒன்றில்லை என்று பிள்ளைகளே பார்த்துவிட்டார்கள்.

பிறகு பக்கம் x + 3 உள்ள ஒரு சதுரம் வரைந்து, அதை நான்கு துண்டாகப் பிரிக்கச் சொல்லியிருக்கிறான். ஒன்று x², ஒன்று 9, மீதி இரண்டும் 3x. x² + 9 என்று எழுதியவர்கள் இந்த இரண்டு 3x துண்டுகளையும் விட்டுவிட்டார்கள். x = 2 என்றால் அவை 6-ம் 6-ம். 25-க்கும் 13-க்கும் இடையில் காணாமல் போன 12 அதுதான்.

“இதைத்தான் நீ எழுதணும். உன் கொள்கை இதுக்குள்ளேயே இருக்கு,” என்றேன்.

அதைச் சுருக்கினால் வருவது இதுதான்: தவறை ஆசிரியர் சொல்வதைவிட, மாணவரே சோதித்துக் கண்டுபிடிப்பது நல்லது. இப்போது இந்த வாக்கியத்துக்குப் பின்னால் ஒரு வகுப்பறை நிற்கிறது.

பலித்ததா என்று எப்படித் தெரியும்?

“எல்லாருக்கும் புரிஞ்சிடுச்சுக்கா” என்றான் தம்பி. வாசிக்கிறவருக்கு அது போதாது. மாணவர்கள் தலையாட்டுவது புரிந்ததற்கு அடையாளம் இல்லை. அன்றைக்குச் சரியாகச் செய்ததும் போதாது, ஏனென்றால் படம் பலகையிலேயே இருந்தது. ஒரு வாரம் கழித்து, படம் இல்லாமல், கொஞ்சம் மாறிய கணக்கைக் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

அவனும் கொடுத்துப் பார்த்தான். (x + 5)² ஆறு பேருக்கும் சரியாக வந்தது. (x − 3)² கொடுத்தபோது இரண்டு பேர் x² − 6x − 9 என்று எழுதினார்கள். நடுவில் உள்ள உறுப்பை விடவில்லை, குறியில் விழுந்துவிட்டார்கள். கழித்தல் வரும்போது சதுரப் படம் அவர்களுக்கு உதவவில்லை.

“இதையும் எழுதணுமாக்கா? குறையாத் தெரியாதா?”

அவசியம் எழுதச் சொன்னேன். ஒரு முறை எங்கே உதவுகிறது, எங்கே நின்றுவிடுகிறது என்று தெரிந்தவரிடம் வகுப்பை ஒப்படைக்கலாம். அடுத்து என்ன செய்தான் என்பதையும் ஒரு வரியில் சேர்த்தான்: அந்த இருவருக்கும் படத்துக்குப் பதிலாக, ஒவ்வொரு உறுப்பையும் அதன் குறியோடு எழுதிப் பெருக்கும் கட்டம். அதில் −3-ஐ −3-ஆல் பெருக்கும் இடம் தனியாகத் தெரியும். திருத்திய பத்தி இப்படி அமைந்தது:

“தவறை மாணவர் தாமே சோதித்துக் கண்டுபிடிக்க வழி செய்வது என் முறை. (x + 3)²-ஐ x² + 9 என்று எழுதிய மாணவர்களை, x-க்கு 2 போட்டுப் பார்க்கச் சொன்னேன். பிறகு சதுரம் வரைந்து விடுபட்ட பகுதியைத் தேடினார்கள். ஒரு வாரம் கழித்து (x + 5)² ஆறு பேருக்கும் வந்தது. (x − 3)²-இல் இருவர் குறியில் தடுமாறியதால், அவர்களுக்குக் கட்ட முறையைப் பயன்படுத்துகிறேன்.”

பள்ளி எந்த மொழியில் கேட்கிறதோ அந்த மொழியில் எழுதுங்கள். மாணவர் பெயரை மட்டும் எங்கேயும் போடாதீர்கள்.

கடன் வாங்கிய வாக்கியங்கள்

“பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என ஒவ்வொருவரின் கற்றல் பாணிக்கும் ஏற்பக் கற்பிப்பேன்” என்ற வரியை அடிக்கடி பார்க்கிறேன். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஹெரால்ட் பாஷ்லரும் இன்னும் மூன்று உளவியல் ஆய்வாளர்களும் 2008-இல் இதைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். மாணவரை இப்படிப் பிரித்து, பாணிக்கு ஏற்றபடி கற்பித்தால் பயன் கூடும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று முடித்தார்கள். இது தெரிந்தவர் நேர்முகத் தேர்வில் உட்கார்ந்திருந்தால் முதல் கேள்வியே அங்கேதான் வரும். ஒரே கருத்தை எண்ணாலும் படத்தாலும் காட்டுவது வேறு விஷயம். அது எல்லா மாணவருக்கும் செய்வது. தம்பி செய்ததும் அதுதான்.

எந்தக் கோட்பாட்டுப் பெயரை எழுதினாலும், “இதை உங்கள் வகுப்பில் எப்போது செய்தீர்கள்?” என்று உங்களையே கேளுங்கள். பதில் இல்லையென்றால் பெயரை எடுத்துவிடுங்கள்.

அனுப்பும் முன்

ஒரு பக்கம் போதும். அந்தப் பள்ளி எஸ்.பி.எம். பாடத்திட்டத்தில் நடக்கிறதா, ஐ.ஜி.சி.எஸ்.இ.-யா என்று பார்த்து, அங்கே நடத்தப்படும் பாடத்திலிருந்தே உதாரணம் எடுங்கள். நல்லவேளை, (x + 3)² இரண்டிலும் உண்டு. உதாரணம் ஒன்று போதும், அதை முழுதாகச் சொல்லுங்கள். நான்கைத் தொட்டுவிட்டுப் போனால் எதுவும் மனதில் நிற்காது.

பயிற்சி

1. உங்கள் பாடத்தில் மாணவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் ஒரு தவறை, அவர்கள் எழுதியபடியே எழுதுங்கள்.
2. அதற்கு நீங்கள் செய்ததை, வரிசை மாறாமல் ஐந்து வாக்கியத்தில் சொல்லுங்கள்.
3. ஒரு வாரம் கழித்து எந்தக் கேள்வியால் சோதித்தீர்கள், எத்தனை பேருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை, பிறகு என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள்.
4. இவற்றைப் படித்துவிட்டு, நீங்கள் எதை நம்பி அப்படிச் செய்தீர்கள் என்று ஒரே வாக்கியத்தில் எழுதி மேலே வையுங்கள்.

நான்காவதைக் கடைசியில்தான் எழுத வேண்டும். அந்த வாக்கியம்தான் உங்கள் கொள்கை.